அப்ரைசல் படிவத்தின் கடைசிப் பக்கம்

கோயம்புத்தூரில் வாகன உதிரிபாகங்களை மெஷினிங் செய்து கொடுக்கும் ஒரு ஆலையில் தரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மார்ச் முடிந்ததும் எச்ஆரிலிருந்து அப்ரைசல் படிவங்கள் வரும். இலக்கு, மார்க், ரேட்டிங் எல்லாம் முன்பக்கங்களில். கடைசிப் பக்கம் வளர்ச்சித் திட்டத்துக்கு. அதில் மூன்று கட்டங்கள்: முன்னேற வேண்டிய இடங்கள், பயிற்சித் தேவை, அடுத்த பதவி. சம்பள உயர்வு முன்பக்கத்து மார்க்கைப் பொறுத்தது என்பதால், இந்தக் கடைசிப் பக்கத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. எழுதுகிறவரும் சரி, கையெழுத்துப் போடுகிறவரும் சரி.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தப் பக்கத்தை எழுதியதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர், முப்பதைத் தாண்டிய வயது. ஆலைக்கு வந்து ஆறு வருடம். கை சுத்தம், அளவு எடுத்தால் நம்பலாம். நான் இந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்பு எழுதப்பட்ட அவருடைய மூன்று வருடப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வரிகள். பயிற்சித் தேவை: 'கம்யூனிகேஷன், டைம் மேனேஜ்மென்ட், தர விழிப்புணர்வு'. அடுத்த பதவி: 'குவாலிட்டி இன்ஜினியர்'. ஒரு வருடம் தர விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள், சான்றிதழ் ஃபைலில் இருக்கிறது. அடுத்த வருடப் படிவத்திலும் அதே தேவை திரும்ப வந்திருக்கிறது. அந்த வகுப்பு எதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் முதலில் எழுதி வைக்கவில்லை. அதனால் சரியானதா இல்லையா என்று பார்க்கவும் வழியில்லாமல் போயிருக்கிறது.

படிவத்தைத் தொடுவதற்கு முன்பு, நிறுத்தி வைத்த பாகங்களை எழுதும் ஹோல்டு ரிஜிஸ்டர், வாடிக்கையாளர் புகார் ஃபைல், ஷிப்ட் மாற்றக் குறிப்பேடு மூன்றையும் எடுத்து உட்கார்ந்தேன். ஒருவருக்கு என்ன தெரியவில்லை என்பதை அவர் செய்த வேலையின் தடத்தில்தான் பார்க்க முடியும். மேலாளர் மனதில் இருக்கும் பொதுவான அபிப்பிராயத்தை நம்பி எழுதினால் 'கம்யூனிகேஷன்' என்றுதான் வரும்.

முதலில் 'டைம் மேனேஜ்மென்ட்'. அவருடைய ஆய்வு அறிக்கைகள் தாமதமாகின்றன என்பதுதான் இதற்குக் காரணம். குறிப்பேட்டைப் புரட்டினால், தாமதம் எல்லாம் ஷிப்ட் முடியும் நேரத்தில். அந்தப் பகுதியில் அறிக்கை அடிக்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். முடிக்கிற ஷிப்டும் தொடங்குகிற ஷிப்டும் அதே அரை மணி நேரத்தில் அதற்காக நிற்கின்றன. தாமதம் அவருக்கு மட்டும் இல்லை, அந்த இடத்தில் நிற்கும் எல்லோருக்கும் இருக்கிறது. இதற்கு வகுப்பு எதற்கு? இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டு எழுதினேன்.

அடுத்து 'தர விழிப்புணர்வு'. குறுக்கு ஓட்டை உள்ளே பிசிர் இருந்தும் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டதாக இரண்டு புகார்கள். அவர் நிற்கும் மேஜைக்குப் போய் நானே அந்தப் பாகத்தைத் தூக்கிப் பார்த்தேன். குழல் விளக்கு வெளிச்சம் அந்த ஓட்டைக்குள் போகவே இல்லை. எவ்வளவு பிசிர் இருந்தால் ஏற்கலாம், எவ்வளவு இருந்தால் தள்ள வேண்டும் என்று காட்டும் எல்லை மாதிரியும் மேஜையில் கிடையாது. பகல் வெளிச்சத்தில் டார்ச்சும் கண்ணாடியும் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னபோது, கலந்து வைத்திருந்த பிசிர் பாகங்கள் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டார். தேவையான வசதி இருந்தால் ஒருவர் அந்த வேலையைச் செய்துவிடுகிறார் என்றால் அங்கே பயிற்சித் தேவை இல்லை. ஓட்டைக்குள் பார்க்கும் போர்ஸ்கோப்பும் எல்லை மாதிரியும் வாங்க வேண்டிய செலவை அவருடைய குறையாகப் படிவத்தில் எழுதுவது நியாயமும் இல்லை.

உண்மையான இடைவெளி ஹோல்டு ரிஜிஸ்டரில் கிடைத்தது. ஒரு ஃபிளாஞ்ச் பாகத்தில் போல்ட் ஓட்டைகளின் பொசிஷன் தவறு என்று இவர் நிறுத்தி வைத்தவை, பிறகு துல்லியமாக அளக்கும் சிஎம்எம் மெஷின் இருக்கும் அறையில் பார்த்ததும் சரி என்று விடுவிக்கப்பட்டிருந்தன. ஒருமுறை இல்லை, தொடர்ந்து. ஒரு பாகத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். டிராயிங்கில் ஓட்டையின் விட்டம் 10.0 முதல் 10.1 மி.மீ. வரை. ஓட்டையின் மையம் இருக்க வேண்டிய வட்டத்தின் விட்டமான பொசிஷன் டாலரன்ஸ் 0.2, பக்கத்தில் வட்டத்துக்குள் M. நிறுத்தப்பட்ட பாகத்தில் ஓட்டை 10.06 இருந்தது. மையம் ஒரு பக்கம் 0.09, இன்னொரு பக்கம் 0.08 விலகியிருந்தது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் 0.24. டிராயிங்கில் 0.2 என்று இருக்கிறது, அளவு 0.24 வருகிறது, எனவே ரிஜெக்ட் என்பது இவர் கணக்கு.

ஆனால் அந்த M இருந்தால், ஓட்டை தன் மிகச்சிறிய அளவான 10.0-ஐ விட எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு கூடுதல் இடம் பொசிஷனுக்குக் கிடைக்கும். ஓட்டை பெரிதானால் போல்ட் நுழைய இடமும் பெரிதாகிறது, அவ்வளவுதான் காரணம். இங்கே 0.06 கூடுதல். அனுமதி 0.26 ஆகிவிடுகிறது. 0.24 தாராளமாக ஏற்கத்தக்கது. இவர் அளவில் பிழை செய்யவில்லை, கணக்கிலும் பிழை இல்லை. அந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. டார்ச் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் கொடுத்தாலும் இது சரியாகாது. இதுதான் பயிற்சித் தேவை.

இதற்குப் பிறகுதான் அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். ரேட்டிங் சொல்லும் கூட்டத்தோடு சேர்க்காமல் வேறொரு நாளில். மார்க் காதில் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் சொல்லும் எதுவும் மனதில் ஏறாது.

"தம்பி, மூணு வருஷமா அடுத்த பதவி குவாலிட்டி இன்ஜினியர்னு இருக்கு. அந்த வேலையில எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

"அப்படியெல்லாம் யோசிச்சதில்லைங்க சார். இன்ஸ்பெக்டருக்கு மேல அதுதானே இருக்கு."

நம் குவாலிட்டி இன்ஜினியர் ஒரு வாரத்தில் என்னென்ன செய்கிறார் என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். வாடிக்கையாளரோடு போனில் பேசுவது, புகாருக்குக் காரணமும் தீர்வும் சொல்லும் 8டி அறிக்கை தயாரிப்பது, புதுப் பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் பிபிஏபி கோப்பு கட்டுவது, கன்ட்ரோல் பிளானைத் திருத்துவது, கேஜ்கள் காட்டும் அளவை நம்பலாமா என்று பார்க்கும் எம்எஸ்ஏ ஆய்வு நடத்துவது, வாடிக்கையாளர் தணிக்கைக்கு வந்தால் கூடவே நடப்பது. எழுதி முடித்ததும் எதையெல்லாம் இதுவரை தொட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். எம்எஸ்ஏவுக்கு அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறார், மற்றவை எதிலும் கை வைத்ததில்லை. எதைச் செய்ய ஆசை என்று கேட்டதற்கு வந்த பதில்தான் முழுத் திட்டத்தையும் மாற்றியது.

"போன்ல கஸ்டமர்கிட்ட பேசற வேலைன்னா எனக்கு ஆகாதுங்க சார். அளவு சம்பந்தமா எதுன்னாலும் பண்றேன். சிஎம்எம் ரூம்ல ஒரு இடம் கிடைச்சா போதும்."

குவாலிட்டி இன்ஜினியர் ஆனால் பாதி நாள் போனில் போய்விடும். இவருக்குப் பொருத்தமான பாதை அளவியல் ஆய்வகம்: சீனியர் இன்ஸ்பெக்டர், பிறகு சிஎம்எம் புரோகிராமர், அதற்குமேல் ஆய்வகப் பொறுப்பாளர். அது எங்கள் பதவி வரிசையிலேயே இருக்கிறது. ஆனால் யாருடைய படிவத்திலும் எழுதப்படாததால் அவர் கண்ணில் பட்டதே இல்லை. 'அடுத்த பதவி' கட்டத்தில் எல்லோருக்கும் மேலே தெரிகிற ஒரே நாற்காலியை எழுதுவது ரயில் கால அட்டவணையைப் பார்க்காமல் எல்லோருக்கும் சென்னைக்கு டிக்கெட் எடுப்பது போலத்தான்.

சரி, இப்போது எழுத வேண்டும். எத்தனை தேவைகளை எழுதலாம்? மனதில் ஐந்தாறு இருந்தன. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் ஷிப்ட். எங்களிடம் மூன்று ஷிப்ட், வாரம் ஒருமுறை மாறும். அதாவது அவர் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம்தான் முதல் ஷிப்டில் இருப்பார். சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் எல்லோரும் பகலில் மட்டும் இருப்பவர்கள். 'ஒவ்வொரு புதன்கிழமையும் வகுப்பு' என்று எழுதினால் இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வருவார், அல்லது வரமாட்டார். எனவே முதல் ஷிப்ட் வாரங்களில் மட்டும், வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஆறு அமர்வுக்கு அப்படி மூன்று வாரங்கள் வேண்டும். முதல் அமர்விலிருந்து கடைசி அமர்வு முடிய ஏழு வாரம் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டால் ஒரு வருடத்தில் எதெல்லாம் முடியும் என்று தானாகவே தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்த ஒரு மணி நேரம் அவருடைய மேஜையில் யார் நிற்பது? இதை எழுதாத பயிற்சித் திட்டம் முதல் வாரத்திலேயே நின்றுவிடும். லாரி வாசலில் நிற்கும்போது இன்ஸ்பெக்டரை வகுப்புக்கு விடு என்று எந்த ஷிப்ட் பொறுப்பாளரிடமும் சொல்ல முடியாது. அந்தப் பாகத்தைப் பார்க்கத் தெரிந்த மாற்று ஆள் யார் என்பதைத் திறன் அட்டவணையில் பார்த்து, அவர் பெயரையும் படிவத்திலேயே எழுதினேன். ஷிப்ட் பொறுப்பாளரிடமும் காட்டி ஒப்புதல் வாங்கினேன்.

முதல் தேவையைப் படிவத்தில் இப்படி எழுதினேன்:

'ஃபிளாஞ்ச் பாகங்களில் M குறியுள்ள பொசிஷன் டாலரன்ஸுக்குக் கூடுதல் அனுமதியைக் கணக்கிடாமல் நல்ல பாகங்களை நிறுத்துகிறார் (ஹோல்டு ரிஜிஸ்டரைப் பார்க்கவும்). டூலிங் பிரிவின் டிசைனர், நம் சொந்த டிராயிங்குகளை வைத்து, ஒரு மணி நேர அமர்வுகள் ஆறு நடத்துவார். முதல் ஷிப்ட் வாரங்களில், ஜூலை இறுதிக்குள். மேஜைக்கு மாற்று ஆள் ஏற்பாடாகியுள்ளது. முடிவில் இதுவரை பார்க்காத பத்து டிராயிங்குகளில் ஏற்பு எல்லையைத் தானே கணக்கிட்டு எழுதுவார். சிஎம்எம் புரோகிராமரின் விடையோடு ஒப்பிடப்படும். அடுத்த மூன்று மாதம், இவர் பொசிஷனுக்காக நிறுத்தியவற்றில் சிஎம்எம்மில் சரி என்று திரும்புபவை கணக்கிடப்படும்.'

எச்ஆரிலிருந்து போன் வந்தது. பயிற்சிப் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு வகுப்பின் பெயரை எழுதுங்கள், இப்படிப் பத்தி பத்தியாக எழுதினால் காலண்டரில் ஏற்ற முடியாது என்றார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது, இருநூறு படிவங்களைத் தொகுக்க வேண்டும். ஆனால் ஐஎஸ்ஓ 9001-இன் 7.2 பிரிவைப் படித்துப் பார்த்தால், திறமையை வளர்க்கும் நடவடிக்கைக்கு உதாரணமாகப் பயிற்சியோடு கூடவே ஒருவர் அருகில் இருந்து வழிகாட்டுவதையும் வேறு வேலைக்கு மாற்றுவதையும் சொல்கிறது. எடுத்த நடவடிக்கை பலித்ததா என்று மதிப்பிட வேண்டும் என்றும் அதே பிரிவு கேட்கிறது. தணிக்கையாளர் வந்து உட்கார்ந்தால், 'வகுப்புக்குப் போனார், சான்றிதழ் இருக்கிறது' என்பதோடு விடமாட்டார், பலித்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார். இதைச் சொன்னதும் காலண்டரில் டிராயிங் குறியீட்டு முறையின் பெயரில் 'உள்பயிற்சி: ஜிடி அண்ட் டி' என்று ஒரு வரி போட்டு, விவரத்துக்குப் படிவத்தைப் பார்க்கவும் என்று குறித்துக்கொண்டார்கள். இருவருக்கும் நிம்மதி.

வெளியே நடக்கும் இரண்டு நாள் ஜிடி அண்ட் டி வகுப்புக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். நல்ல வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் எல்லாக் குறியீடுகளையும் இரண்டு நாளில் ஓட்டிவிடுவார்கள். இவருக்கு இப்போது வேண்டியது நான்கைந்து குறியீடுகள்தான், அதுவும் நாளைக் காலை மேஜையில் கிடக்கப்போகும் டிராயிங்கில். புரோகிராமராகப் போகும் நேரத்தில் அந்த முழு வகுப்பு தேவைப்படும். செலவையும் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தேவை எம்எஸ்ஏ. இது குறையைச் சரிசெய்ய எழுதியதல்ல, அடுத்த பதவிக்காக எழுதியது. இந்த இரண்டையும் படிவத்தில் கலந்து எழுதக் கூடாது என்பது என் பழக்கம். கலந்தால், ஏறப்போகிற படிக்கான தயாரிப்பும் அவருடைய பலவீனம் போலத் தெரியும்.

எம்எஸ்ஏவில் ஒன்றான கேஜ் ஆர் அண்ட் ஆர் ஆய்வில் பத்துப் பாகங்களை மூன்று பேர் மும்மூன்று முறை அளப்பார்கள், மொத்தம் தொண்ணூறு அளவு. இவர் அந்த மூவரில் ஒருவராகப் பலமுறை இருந்திருக்கிறார். ஆனால் அந்தப் பத்துப் பாகங்களைப் பொறுக்கியது வேறொருவர், முடிவைச் சொன்னதும் வேறொருவர். முதல் ஆய்வைப் புரோகிராமரோடு சேர்ந்து செய்வது, இரண்டாவதைத் தானே நடத்துவது என்று எழுதினேன். அக்டோபருக்குள் ஒன்று, ஜனவரிக்குள் ஒன்று.

கற்றுக்கொண்டாரா என்பதை எதில் பார்ப்பது? கணக்கை எக்செல் போட்டுவிடும், அதில் தெரியாது. பாகங்களைப் பொறுக்குவதில் தெரிந்துவிடும். விவரம் தெரியாதவர் மெஷினிலிருந்து அடுத்தடுத்து வந்த பத்துப் பாகங்களை எடுப்பார். அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பாகங்களுக்கிடையே வித்தியாசமே இல்லாதபோது கேஜின் சிறு தடுமாற்றமும் பெரிதாகத் தெரியும், சதவீதம் எகிறும், நல்ல கேஜைக் கெட்டது என்று சொல்லிவிடுவோம். விவரம் தெரிந்தவர் வேறு வேறு நாள், வேறு வேறு ஷிப்ட், டூல் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் என்று மெஷின் போகும் முழு வீச்சிலிருந்தும் எடுப்பார். 'இரண்டாவது ஆய்வில் பாகங்களைத் தானே தேர்ந்தெடுத்து, ஏன் இந்தப் பத்து என்று விளக்குவார்' என்பதைத்தான் அளவுகோலாக எழுதினேன்.

அடுத்த பதவிக் கட்டத்தில்தான் பேனா தயங்கும். ஒன்றும் எழுதாமல் விட்டால் ஆளுக்கு நம்பிக்கை போய்விடும், 'அடுத்த ஏப்ரலில் பதவி உயர்வு' என்று எழுதினால் நாளைக்கு அதையே எடுத்து வந்து நீட்டுவார். காலியிடம் என் கையில் இல்லை. நான் சொல்லக்கூடியது எப்போது அவர் தகுதி பெறுவார் என்பதை மட்டும்தான். எனவே இரண்டையும் தனித்தனி வாக்கியங்களாகப் பிரித்தேன்:

'மேற்கண்ட இரண்டும் முடிந்தால் சீனியர் இன்ஸ்பெக்டர் தரத்துக்கு அடுத்த ஆண்டு மறுஆய்வில் பரிந்துரைப்பேன். சிஎம்எம் புரோகிராமர் பதவிக்கு, ஏற்கெனவே உள்ள புரோகிராம்களை ஓட்டுவது, பிறகு எளிய பாகத்துக்குத் தானே புரோகிராம் எழுதுவது என்ற வரிசையில் இரண்டு ஆண்டுத் தயாரிப்பு தேவை. தயாரானபின் ஆய்வகத்தில் இடம் காலியாகும்போது உள்விண்ணப்பத்துக்கு உரியவர். இப்போது காலியிடம் இல்லை.'

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார்கள், மனம் தளர்ந்துவிடுவாராம். நான் வைத்துக்கொண்டேன். அவரிடம் படித்துக் காட்டியபோது கேட்ட ஒரே கேள்வி, "எப்ப காலியாகும்னு தோணுதுங்க சார்?" தெரிந்ததைச் சொன்னேன்: இப்போது இருக்கும் இரண்டு பேரும் இளைஞர்கள், இரண்டாவது சிஎம்எம் வாங்கும் பேச்சு நடக்கிறது, உறுதியில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆய்வகப் பொறுப்பாளர் பதவிக்கு எங்கள் விதிப்படி பி.இ. வேண்டும் என்பதையும் சொன்னேன். வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் படிக்கும் பகுதிநேர பி.இ. கோவையில் டிப்ளமோகாரர்களுக்கு இருக்கிறது. ஆனால் சுற்று ஷிப்டில் இருந்துகொண்டு அதைப் படிக்க முடியாது. பொது ஷிப்டான ஆய்வகத்துக்குப் போனபின்தான் அது நடக்கும். அதனால் அதைப் படிவத்தில் எழுதவில்லை, பேச்சோடு வைத்துக்கொண்டோம்.

எல்லோருக்கும் ஏணி வேண்டும் என்றும் இல்லை. அதே பிரிவில் ஓய்வுக்குச் சில வருடங்களே இருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். மேலே போக விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னார். அவருடைய பக்கத்தில், பிசிர், கீறல் மாதிரிகளைத் தொகுத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று ஒரே வரி. எல்லை மாதிரிப் பலகை இன்று மேஜையில் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

அக்டோபரில் நடுவருட மறுஆய்வு. ஜிடி அண்ட் டி அமர்வுகள் ஜூலையில் முடியவில்லை, ஆகஸ்டில்தான் முடிந்தன. டிசைனர் புது ஃபிக்ஸ்சர் வேலையில் மாட்டிக்கொண்டதால் ஒரு முதல் ஷிப்ட் வாரம் அப்படியே போனது. பத்து டிராயிங்குகளில் எட்டு சரி. தவறிய இரண்டிலும் ஒரே சிக்கல்: M குறி, அளவெடுக்க ஆதாரமாகக் கொள்ளும் இடத்தைக் குறிக்கும் டேட்டம் எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டைக்குக் கிடைப்பது போலவே அதற்கும் கூடுதல் அனுமதி சேரும் என்று நேராகக் கூட்டியிருந்தார். அங்கே அப்படிக் கூட்டக் கூடாது. டேட்டம் நகர்ந்தால் அதைச் சார்ந்த ஓட்டைகள் எல்லாம் ஒன்றாகத்தான் நகரும். புரோகிராமர் அதற்காக மட்டும் ஒரு மதியம் உட்கார்ந்தார். ஹோல்டு ரிஜிஸ்டரில் அவர் பெயரில் சிஎம்எம்மிலிருந்து திரும்பும் பாகங்கள் இப்போது அபூர்வம். எம்எஸ்ஏ முதல் ஆய்வு நவம்பருக்குத் தள்ளிப்போனது. படிவத்தில் பழைய தேதியை அழிக்காமல், பக்கத்தில் புதிய தேதியும் காரணமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டாவது ஆய்வுக்கு அவர் பொறுக்கி வைத்த பத்துப் பாகங்களும் ஒவ்வொன்றிலும் தேதி, ஷிப்ட், டூல் எண் எழுதிய சீட்டோடு ட்ரேயில் இருந்தன. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஏன் இவை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சீனியர் இன்ஸ்பெக்டருக்கான பரிந்துரையை அனுப்பிவிட்டேன். இரண்டாவது சிஎம்எம் இன்னும் வரவில்லை. இந்த வருடப் படிவத்துக்கு முதல் சிக்கல் மெஷின் நேரம். பகலில் சிஎம்எம் முழுக்க உற்பத்திக்கே போகிறது, கற்றுக்கொள்பவருக்கு ஒதுக்க நேரமில்லை. இரண்டாம் ஷிப்டில் கடைசி ஒன்றரை மணி நேரம் மெஷின் சும்மா நிற்கிறது என்று பதிவேட்டில் தெரிந்தது. அவர் இரண்டாம் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் அதை ஒதுக்கித் தரச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒப்புதல் வந்த பிறகுதான் 'புரோகிராம் ஓட்டுதல்' என்ற வரியை அவர் பக்கத்தில் சேர்ப்பேன்.